தராசுக்காரி குறைத்த மாத்திரை

என் மகன் ஸ்டூலால் அடித்த முதல் அடியில் மருந்துக் கவுண்டரின் கண்ணாடி முழுக்க விரிசல் ஓடியது. இரண்டாவது அடியில் ஸ்டூலே கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே போய் விழுந்தது. மூன்றாவது அடி, முஷ்டியால், உள்ளே இருந்தவளின் வாயில் விழுந்தது. அவள் பல் ஒன்று மாத்திரை டப்பாக்களுக்கு நடுவே தெறித்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

அவள்தான் அந்த ஆஸ்பத்திரியில் மருந்து பார்க்கிறவள். டாக்டர் எழுதினதை எடுத்துக் கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று இருக்கிறவள் இல்லை. வார்டு வார்டாக ஏறி இறங்குவாள், நோயாளியை எடை போடுவாள், அப்புறம்தான் மருந்து. அதனால் நர்ஸிலிருந்து கூட்டிப் பெருக்குகிறவள் வரைக்கும் அவளுக்கு வைத்த பேர் தராசுக்காரி. நாற்பது வயசு இருக்கும். ஒல்லி. குரல் மட்டும் இரண்டு ஆளுக்கு வரும்.

என் வீட்டுக்காரருக்கு எண்பது வயசு. நெற்றியில் தொடங்கி கண்ணோரம் வரைக்கும் அக்கி கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி, வலியில் சோறு இறங்காமல் கிடந்தார். டாக்டர் பார்த்து, வார்டில் சேர்க்கச் சொல்லி, பெரிய மாத்திரை ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று வேளை என்று சீட்டு எழுதினார். "எடை எவ்வளவும்மா?" என்று கேட்டார்கள். நான் எழுபது என்றேன். கல்யாணத்தின் போது இருந்த எடை அது. அதற்கப்புறம் அவரை யார் தூக்கிப் பார்த்தார்கள்? அதை அட்டையில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்.

தராசுக்காரி அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வந்தாள். கட்டிலில் கிடக்கிறவரைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள், மறுபடியும் அவரைப் பார்த்தாள்.

"இவரா எழுபது? மிச்சத்தை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

வார்டே சிரித்தது. அவரால் நிற்க முடியவில்லை. என் மகன் லாரி ஓட்டுகிறவன், ஆள் மலை மாதிரி இருப்பான். அப்பாவைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறச் சொன்னாள். நூற்று முப்பத்து மூன்று. பிறகு அவனை மட்டும் நிற்க வைத்தாள். எண்பத்தெட்டு.

"அப்பா நாப்பத்தஞ்சு. உன் தொப்பையில பாதிய அவருக்குக் குடுத்திருக்கலாம்பா," என்றாள்.

எல்லாரும் மறுபடியும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. அவனுக்கு ஏழு வயசிலிருந்தே யாராவது சிரித்தால் காது சிவந்துவிடும். அன்றைக்கும் சிவந்தது. பெத்தவள் நான் அதைப் பார்த்தேன், பார்த்தும் சும்மா இருந்தேன்.

அவள் கட்டில் ஓரத்திலேயே தாளை வைத்துக் கணக்குப் போட்டாள். வயசு, எடை, ரத்தத்தில் கிரியாட்டினின் என்று ஒன்று பார்த்திருந்தார்களாம், கிட்னி எப்படி ஓடுகிறது என்று காட்டுமாம், அது. எல்லாவற்றையும் பெருக்கி வகுத்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டாள். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"டாக்டர், கிரியாட்டினின் ஒன்னு பாயிண்ட் ஒன்பதுதானேன்னு நெனைக்காதீங்க. உடம்புல சதையே இல்ல, அதனாலதான் அந்த நம்பர் கம்மியாத் தெரியுது. நாப்பத்தஞ்சு கிலோவுக்குப் போட்டா கிட்னி வேலை இருபதுகிட்டதான் வருது. மூணு வேளை கூடாது. நாளைக்கு ஒன்னு போதும்."

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ, அவள் அட்டையில் திருத்தி எழுதினாள், பிறகு டாக்டரே வந்து கையெழுத்தும் போட்டார்.

போகும்போது எனக்கும் சொல்லிவிட்டுத்தான் போனாள். "அம்மா, பாத்திரம் கழுவற தொட்டியில ஓட்டை அடைச்சிருக்குன்னு வைங்க. குழாய எப்பவும் போலத் திறந்து விட்டா என்ன ஆகும்? இந்த மருந்து மூத்திரத்துலதான் வெளியே போகணும். நல்ல கிட்னிய நூறுன்னு வெச்சா இவருக்கு இருபதுதான். முதல் மாத்திரை போறதுக்குள்ள ரெண்டாவதக் கொடுத்தா உள்ளயே தேங்கும். தேங்கினா மூளைக்கு ஏறும்."

எனக்குப் புரிந்தது. புரியவில்லை என்று இன்றைக்குப் பொய் சொல்ல மாட்டேன்.

அவள் தலை மறைந்ததும் மகன் சட்டைப் பையிலிருந்து பழைய சீட்டை எடுத்தான். "டாக்டர் மூணு எழுதினாரு. மாத்திரை எடுத்துக் குடுக்கிறவ ஒன்னாக்குறா. அவ என்ன டாக்டருக்குப் படிச்சவளா? கேக்க ஆளில்லாதவங்கன்னா இப்படித்தாம்மா." வெளியே கடையில் அதே மாத்திரை ஒரு பட்டை வாங்கி வந்து என் கையில் திணித்தான். நானும் வாங்கி மடியில் முடிந்துகொண்டேன். அஞ்சு பிள்ளைக்கு மருந்து ஊற்றி வளர்த்தவளுக்கு இவள் என்ன பாடம் சொல்வது என்கிற திமிர். காலையில் நர்ஸ் ஒன்று கொடுப்பாள். மத்தியானமும் சாயங்காலமும் முந்தானையால் மறைத்துக்கொண்டு நான் கொடுப்பேன். அவர் குழந்தை மாதிரி வாயைத் திறப்பார்.

இரண்டாம் நாள் சாயங்காலமே அவர் கை வெட்டி வெட்டி இழுத்தது. சுவரில் ஆள் நடக்கிறான் என்றார். வலி மயக்கம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் மத்தியான மாத்திரையை விழுங்கிச் சோறு ஆறுகிற நேரம் இருக்கும், அவர் எழுந்து உட்கார்ந்தார்.

"நான் செத்துட்டேன். ஏன்டி என்னை இன்னும் தூக்காம வெச்சிருக்கே?"

அறுபது வருஷத்தில் என் மேல் கை ஓங்காத மனுஷன் என் கழுத்தைப் பிடித்தார். எலும்பும் தோலுமாக இருந்தவருக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்தது? என் கண்ணில் கறுப்புப் பூத்தது. ஓடி வந்த நர்ஸின் மண்டையில் எவர்சில்வர் ஜக்கால் ஓங்கி அடித்தார், வெள்ளை உடுப்பெல்லாம் ரத்தம். பிடிக்க வந்த வார்டு ஆளின் மணிக்கட்டைக் கடித்து விடாமல் தொங்கினார். குளுகோஸ் கம்பியைப் பிடுங்கி ஜன்னலில் வீசினார். நாலு பேர் மேலே விழுந்து துணியால் கட்டிலோடு கட்டினார்கள். கட்டின பிறகும் "பிணத்தைக் கட்டறானுங்க பாரு" என்று கத்திக்கொண்டே தலையைக் கம்பியில் மோதினார்.

மகன் வாசலில் நின்று பார்த்தான். "மருந்தக் குறைச்சா. அக்கி மூளைக்குப் போயிடுச்சு. கொன்னுட்டா," என்றான். படியில் அவன் இறங்கின சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் கழுத்தைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். நான் கிட்டே போய்ச் சேருவதற்குள், என் கண்ணெதிரிலேயே, முதலில் சொன்ன மூன்று அடியும் விழுந்துவிட்டது. உடைந்த கண்ணாடி வழியாகவே அவள் முடியைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். விளிம்பில் அவள் முழங்கை கிழிந்து சதை தெரிந்தது. காவலாளி கழியால் அவன் முதுகில் போட்டான், அவன் திரும்பி அந்தக் கழியைப் பிடுங்கிக் காவலாளியின் முழங்காலில் இறக்கினான். மருந்து வாங்க வந்தவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

"எங்கப்பன் பைத்தியமாயிட்டாருடீ! ஒன்னு போதும்னியே, ஒன்னு போதும்னியே!"

கழியை ஓங்கினான். கீழே கிடந்தவள் கையை உயர்த்தித் தடுக்கக்கூட இல்லை. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு, அவனைத் தாண்டி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அம்மா, கை வெட்டி வெட்டி இழுக்குதா? செத்துட்டேன்னு சொல்றாரா?"

"ஆமா."

"எத்தனை போச்சு உள்ளே?"

கழி மேலேயே நிற்கிறது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி அவளோடு போய்விடும், வீட்டுக்காரரும் போய்விடுவார். திறந்தால் மகன் முன்னால் நான்தான் கொலைகாரி. அந்த ஒரு மூச்சு நேரம் நான் யோசித்தேன். யோசித்தது எனக்கு இன்னும் வெட்கம்தான்.

மடியை அவிழ்த்துப் பட்டையைத் தரையில் எறிந்தேன். பத்தில் அஞ்சு காலி.

"ஆஸ்பத்திரி மூணு, நான் அஞ்சு. எட்டு. அவ கொறைச்சதுல எதுவும் ஆகல, நாம கூட்டினதுலதான்டா ஆச்சு. என்னை அடி!"

அவன் என்னை அடிக்கவில்லை. கழியைச் சுவரில் அடித்து இரண்டாக ஒடித்தான். அப்புறம் கண்ணாடித் தூளிலேயே உட்கார்ந்துவிட்டான்.

தராசுக்காரி எழுந்து நிற்கவில்லை. தவழ்ந்து போய்ப் போனை இழுத்தாள், அது முழுக்க ரத்தம். "டாக்டர், மூணு நாள்ல எட்டு மாத்திரை. மருந்து விஷமாத் தேங்கியிருக்கு, செத்துட்டேன்னு சொல்றது அதனாலதான். உடனே நிறுத்துங்க, டிரிப் போடுங்க, மூத்திரம் எவ்வளவு வருதுன்னு பாருங்க. கிட்னி டாக்டரக் கூப்பிடுங்க, டயாலிசிஸ் பண்ணா இந்த மருந்து வெளியே வந்துடும்." பல் போன வாயில் காற்றுப் போனது. ஆனால் ஒரு சொல் தவறவில்லை. சொல்லி முடித்துவிட்டுத்தான் மயங்கினாள்.

அன்றைக்கே அவரை இயந்திரத்தில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். மறுநாளும் ஒரு தடவை. இரண்டு நாளும் அவர் திமிறினார், என்னைப் பேய் என்று காறித் துப்பினார். மூன்றாம் நாள் காலையில், "இவளே, என் கையைக் கட்டினது யாரு? மூக்கு அரிக்குது," என்றார். நான் அவர் மூக்கைச் சொறிந்துகொண்டே அழுதேன்.

அவளுக்கு முழங்கையில் ஒன்பது தையல். நான் போய்க் கட்டில் ஓரம் நின்றேன். "எதுக்குக் கண்ணு எல்லாரையும் எடை போடற?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வேலைக்குச் சேர்ந்த வருஷம், அட்டையில் இருந்த எடையை நம்பி ஓர் அம்மாவுக்கு ஊசி மருந்தின் அளவைச் சரி என்று விட்டுவிட்டாளாம். அந்த அம்மாவுக்கும் கிட்னி மந்தம். மருந்து தேங்கி இரண்டு காதும் போய்விட்டது. "அவங்க வீட்டுல யாரும் என்ன அடிக்கல. அடிச்சிருந்தா அன்னிக்கே தீர்ந்திருக்கும்," என்றாள்.

போலீஸ் மகனைக் கூட்டிப் போயிருந்தது. ஸ்டேஷனில் அவளும் நானும் எதிரெதிரே உட்கார்ந்தோம். "வயசான அம்மா, சமாதானமாப் போயிடலாமே," என்றார் எழுதுகிறவர்.

"புகாரை வாபஸ் வாங்க மாட்டேன். நாளைக்கு நர்ஸையும் அடிப்பாங்க," என்றாள் அவள்.

"வாங்காதே," என்றேன் நான். கம்பிக்குப் பின்னால் அவன் நிமிர்ந்து பார்த்தான். "ஐயா, அவன் அடிச்சான்னு எழுதுங்க. மாத்திரை குடுத்தது நான்னும் எழுதுங்க. ஒன்ன எழுதி ஒன்ன விட்டா நான் ரேகை வைக்க மாட்டேன்." இரண்டையும் எழுதி வாசித்துக் காட்டினார்கள். பெருவிரலை வைத்தேன்.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று கொப்புளம் காய்ந்திருந்தது, எரிச்சல் வலி மட்டும் இருந்தது. அதற்கு டாக்டர் எழுதின சீட்டோடு தராசுக்காரி வந்தாள், கையில் கட்டோடு. இந்தக் கேப்ஸ்யூலும் மூத்திரத்தில்தான் போகணுமாம். மற்றவர்களுக்குத் தருவதைவிடச் சின்ன அளவு, படுக்கும்போது ஒன்று. எனக்கு எழுத்துத் தெரியாது என்று, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து, மேலே படுக்கிற பாய் ஒன்று வரைந்திருந்தாள்.

"பொட்டலத்துக்கு முன்னாடி, எடை," என்றாள்.

தூக்குவதற்கு ஆள் இல்லை. அவர் என் தோளில் ஒரு கையும், அவளுடைய காயம்படாத பக்கத்துத் தோளில் ஒரு கையும் வைத்து எழுந்தார். தராசில் ஏறினதும் இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஆடி ஆடி நின்றார்.

"நாப்பத்து நாலு," என்று அவள் எழுதினாள்.

"என்னைத் தூக்கிட்டு வந்தானே, பய எங்கே?" என்று கேட்டார் அவர்.

நான் பொட்டலங்களை எண்ணி மடியில் முடிந்துகொண்டேன். ஏழு. பட்டை இருந்த அதே மடிதான்.

"வீட்டுக்குப் போய்ச் சொல்றேன், இறங்குங்க," என்றேன்.