முகத்தைப் பார், கையைப் பார்

விமானங்களின் மேல் எனக்கு வந்த கோபம் அந்தக் கோடையில் வேறு யார் மேலும் வரவில்லை. நியூ டவுனில் எங்கள் ஃபிளாட்டுக்கு நேர் மேலேதான் அவை தாழ்ந்து இறங்கும். போனைத் துவரம்பருப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்தி, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னிக்கு நாம பாக்கப் போறது" என்று வாயைத் திறந்தால் போதும். எங்கிருந்தோ ஒன்று வந்து தலைக்கு மேல் உறுமிவிட்டுப் போகும். அவ்வளவுதான், எடுத்தது அத்தனையும் பாழ். மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

வெட்டி ஒட்டத் தெரியாதா என்று கேட்பீர்கள். தெரியாது. வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என் போனோ பழசு, புதிதாக எதை ஏற்றினாலும் இடமில்லை என்று முரண்டு பிடிக்கும். ஆகவே பாடம் முழுவதும் ஒரே மூச்சில் வர வேண்டும். சால்ட் லேக்கில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். வகுப்பில் மணியடிக்கும் வரை மூச்சு விடாமல் பேசுகிறவள், ஒரு சின்னப் பாடத்தைப் போனில் பேச முடியாதா என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது.

பாடம் ஒரே ஒரு பெண்ணுக்காக. கிடர்பூரில் கஸ்டம்ஸ் குவார்ட்டர்ஸில் இருக்கும் தூத்துக்குடிக் குடும்பத்துப் பெண். இந்த வங்காளி ஊரில் தமிழ்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் பொங்கல் விழாவில் அவள் அம்மா எனக்குப் பழக்கம். பெண்ணுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. மெஷின் போட்டால் ஏதோ சத்தம் இருக்கிறது என்று தெரியும், வார்த்தை தெரியாது. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள், அதுவும் வீட்டில் அம்மா முகத்தைப் பார்த்துப் பழகிய தமிழில்தான் நன்றாக. பத்தாம் வகுப்பில் மற்றதிலெல்லாம் தேறிவிட்டாள். கணக்கில் போய்விட்டது.

அம்மா போன் செய்தபோது குரல் உடைந்திருந்தது. "அக்கா, ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டாக. இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கணக்குக்குப் பதிலா வேற பாடம் எடுத்துக்கிடலாமாம், ரூல் இருக்காம். கையெழுத்துப் போடுங்கன்னாக. இவ பேனாவைப் பிடுங்கி வச்சிட்டாக்கா. பாலம் கட்டப் போறாளாம், கணக்கு இல்லாம முடியாதாம்."

கிடர்பூரில் கப்பல் வந்தால் இரண்டாகப் பிளந்து மேலே எழும்பும் பாலம் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்தே வளர்ந்த பெண். அந்த விதி வேண்டியவர்களுக்கு நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் இவளுக்கு வேண்டாமே! வேண்டாம் என்கிற பெண்ணின் கையில் எதற்காக அதைத் திணிப்பது? கடைசியில் பள்ளியில் ஒரு முடிவு சொன்னார்களாம். மறுதேர்வில் தேறினால் பதினொன்றில் கணக்கு எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டியதுதான்.

"அனுப்புடி அவளை, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் யோசித்தேன். கிடர்பூரிலிருந்து நியூ டவுனுக்கு ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வர வேண்டும், அதுவும் இந்த வெயிலில் தினமும். வீடியோ காலில் முயன்றோம். நெட் தடுமாறும்போதெல்லாம் என் வாய் கலங்கிய குட்டை மாதிரி ஆகிவிடுகிறது, அவளால் படிக்க முடியவில்லை. ரெக்கார்டு செய்து அனுப்பினால் படம் தெளிவாக இருக்கும், புரியாததை நிறுத்தித் திரும்பப் பார்க்கலாம். அப்படித்தான் இந்தப் படப்பிடிப்பு ஆரம்பமானது.

முதல் பாடம் இருபடிச் சமன்பாடு. பின்சுவரில் ஒரு போர்டை மாட்டி, பேச வேண்டியதை வரிக்கு வரி எழுதி வைத்துக்கொண்டேன். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போகும் இடங்களில்தான் பிள்ளைகள் கோட்டை விடுவார்கள். அதனால் அந்த இடங்களுக்குத் தனியாக வசனம் போட்டேன். "இது வரைக்கும் ரெண்டா பிரிச்சோம். இப்ப ஏன் பிரிச்சோம்னு பாப்போம்." "பெருக்கினா பூஜ்யம்னா, ரெண்டுல ஒண்ணு கண்டிப்பா பூஜ்யம். அதனால தனித்தனியா எழுதறோம்." எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

என் கணவரைப் பால்கனியில் நிறுத்தினேன். பேங்கில் ரிட்டயர் ஆனவர், பாவம், விமானம் தெரிந்தால் துண்டை ஆட்ட வேண்டும் என்பது அவருக்கு உத்தியோகம். அவர் துண்டை ஆட்டி ஆட்டி, எதிர் ஃபிளாட் பௌதி, அதாவது அந்த வீட்டு வங்காளி அண்ணி, "அண்ணனுக்கு என்ன ஆச்சு?" என்று விசாரிக்கும் அளவுக்குப் போய்விட்டது. ஒருவழியாக விமானம், குக்கர், காக்கை எதுவும் இல்லாமல் ஒரு டேக் முழுசாக வந்தது. அனுப்பினேன். கூடவே ஒரு கணக்கும் கொடுத்தேன்: (x − 2)(x − 3) = 6.

சாயங்காலம் விடையைப் படமெடுத்து அனுப்பினாள். x − 2 = 6, x − 3 = 6. ஆகவே x என்பது 8, 9.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இவ்வளவு சொல்லியும் இப்படியா? பூஜ்யமா இருந்தாத்தானே தனித்தனியா எழுதணும்? ஆறு வர ஆயிரம் வழி இருக்கே! வீடியோவைப் பாத்தாளா, இல்ல சும்மா ஓட விட்டாளா?" என்று கணவரிடம் குதித்தேன்.

"அவகிட்டயே கேளேன், என்கிட்ட ஏன் குதிக்கற?" என்றார்.

கேட்டேன். அவளுக்குத் தமிழ் எழுத வராது, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டுவாள். பதில் உடனே வந்தது. "மிஸ், மூணு தடவை பாத்தேன். போர்டுல எழுதினது எல்லாம் புரியுது. நடுவுல நீங்க திரும்பிடறீங்க."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் வீடியோவை நானே போட்டேன், சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு.

அட கடவுளே! "இன்னிக்கு நாம பாக்கப் போறது" என்று சொல்லும்போது என் முகம் இருக்கிறது. "இப்ப ஏன் பிரிச்சோம்னு" என்று ஆரம்பிக்கும்போதே போர்டு பக்கம் திரும்பிவிடுகிறேன். பார்த்துப் பார்த்து எழுதிய அத்தனை இணைப்பு வசனங்களையும் என் கொண்டைதான் பேசிக்கொண்டிருக்கிறது. எழுதி முடித்து முகத்தைக் காட்டும்போது அடுத்த படி வந்துவிடுகிறது. அடுத்ததற்கு நகர்கிறோம் என்று வாய் சொல்லும்போதே உடம்பும் நகர்ந்துவிடுகிறது. எந்த டீச்சரும் அப்படித்தான் செய்வார்.

அதாவது அவளுக்கு "என்ன" மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. "ஏன்" ஒன்றுகூடப் போகவில்லை. பெருக்கல் இருந்தால் தனித்தனியாக எழுத வேண்டும் என்று கண்ணால் பார்த்ததை அப்படியே செய்திருக்கிறாள். எட்டும் ஒன்பதும் வேறு எப்படி வரும்? இத்தனை வருஷம் அவள் பள்ளியிலும் இதே கதையாகத்தானே இருந்திருக்கும் என்று நினைத்ததும் அழுகையே வந்துவிட்டது. அடுத்த நிமிஷம் அழுகை கோபமாக மாறியது. விடக் கூடாது என்று முடிவு செய்தேன்.

எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தேன். தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு பக்கம் வாய், இன்னொரு பக்கம் கை. வாய் பேசும்போது கை சும்மா இருக்க வேண்டும், கை எழுதும்போது வாய் மூடியிருக்க வேண்டும். இதுதான் சட்டம். இணைப்பு வசனங்கள் எல்லாம் நகர்வதற்கு முன்னால் வந்தன. "இப்ப எழுதப் போறேன். கையைப் பாரு." எழுதுவேன், பேசாமல். பேனாவை மூடுவேன். "எழுதியாச்சு. என் முகத்தைப் பாரு. ஏன்னு சொல்றேன்."

போர்டைக் கழற்றி வைத்துவிட்டு, ஸ்வீட் கடைக் காலண்டரின் பின்பக்கத்தை என் தோளுக்குப் பக்கத்தில் மாட்டினேன், திரும்பவே தேவையில்லாதபடி. ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தவள், ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்தேன். இல்லாவிட்டால் முகம் இருட்டாக விழுகிறது. தப்பு சொல்லிவிட்டால் என்ன செய்வது? வெட்ட முடியாதே. அதற்கும் ஒரு வசனம் வைத்தேன். உள்ளங்கையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கி, "நில்லு. தப்பு. திரும்பச் சொல்றேன்" என்று அதே டேக்கில் திருத்திவிட்டுப் போய்விடுவது.

சொல்வதற்கு எளிது. பேசாமல் எழுதுவது இருக்கிறதே, அது பெரிய தண்டனை! பேனா ஓடும்போது வாய் தானாக "எக்ஸ் மைனஸ்" என்று முணுமுணுக்கும். "கொஞ்ச நேரம் வாயை மூடேன்" என்று இத்தனை வருஷமாகச் சொல்ல ஆசைப்பட்டதைக் கணவர் அந்த வாரம் தாராளமாகச் சொல்லித் தீர்த்துக்கொண்டார்.

ஒரு டேக்கில் பாதியிலேயே விமானம் உறுமியது. பழக்கத்தில் நிறுத்தப் போனேன். பிறகு நிறுத்தவில்லை. அவளுக்கு விமானமா கேட்கப் போகிறது? இத்தனை நாள் யாருக்காகத் துண்டு ஆட்டினோம்? பால்கனியிலிருந்து கணவர் எட்டிப் பார்த்து, "அப்ப என் வேலை போச்சா?" என்றார். வேலை போகவில்லை. போனுக்குப் பின்னால் உட்கார வைத்தேன். நான் திரும்பினாலோ எழுதும்போது உதடு அசைந்தாலோ துண்டை ஆட்ட வேண்டும்.

புதிய பாடம் போன அன்று பழைய கணக்கையே திரும்பக் கொடுத்தேன். பெருக்கி விரித்து, ஆறை இந்தப் பக்கம் கொண்டுவந்து, ஒரு பக்கம் பூஜ்யமாக்கிவிட்டு, x என்பது 0, 5 என்று போட்டிருந்தாள். கீழே ஒரு வரி: "மிஸ், பூஜ்யம் ஸ்பெஷல்னு யாரும் சொல்லவே இல்லையே!" சொல்லியிருப்பார்கள் கண்ணு, எல்லோரும் சொல்லியிருப்பார்கள், சுவரைப் பார்த்து. அதை நான் அவளுக்கு எழுதவில்லை. "இப்ப தெரிஞ்சுதுல்ல, அடுத்ததைப் போடு" என்று மட்டும் எழுதினேன்.

லீவு முடியும் வரை விடவில்லை. முக்கோணம், வட்டம், நிகழ்தகவு என்று ஒவ்வொன்றும் ஒரே டேக், ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு "நில்லு". அவளும் விடவில்லை. "நிழல் விழுது மிஸ்", "வேகமா பேசறீங்க மிஸ்" என்று விரட்டிக்கொண்டே இருந்தாள். எரிச்சல் வரும். சொன்னது சரியாக இருக்கும்.

மறுதேர்வில் தேறிவிட்டாள். பிரமாதமான மார்க் இல்லை, ஆனால் யாரும் பேனாவை நீட்ட முடியாத மார்க். பதினொன்றில் கணக்கு கிடைத்தது.

பள்ளி திறந்த கொஞ்ச நாளில் அவள் அம்மாவின் போன். குரலில் பதற்றம். "அக்கா, கிளாஸ்ல இவ என்ன செஞ்சிருக்கா தெரியுமா? சார் போர்டுல எழுதிக்கிட்டே பேசினாராம். இவ நேரா எந்திரிச்சு முன்னால போயி, சார் முகத்துக்கு நேரே கையைத் தூக்கிட்டாளாம், நில்லுங்கன்னு. ஸ்கூல் சேர்ந்த நாள்லேருந்து கிளாஸ்ல ஒரு வார்த்தை பேசாத பிள்ளைக்கா! சாருக்கு ஒரு மாதிரி ஆயிட்டாம்."

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன, அவர் திரும்பி நின்னு இவ முகத்தைப் பாத்து முதல்லேர்ந்து சொன்னாராம். ஏன்னு கேட்டுட்டுத்தான் போயி உக்காந்தாளாம்." உடனே அடுத்த கவலை வந்துவிட்டது அவளுக்கு. "நாளைக்கு என்னக்கா செய்வா?"

"நாளைக்கும் தூக்குவா" என்றேன்.