ஆவி பறக்கும் போர்டு

ரிங்லெட் என்ற மலையூரில் கடைகளுக்கு போர்டு செய்வது என் தொழில். ஒருமுறை அக்கா தங்கை இருவர் வந்தார்கள். அக்கா கால்நடை மருத்துவர். தங்கை நாய், பூனைகளைக் குளிப்பாட்டி முடிவெட்டுபவர். இருவருக்கும் ஒரே கடை, ஒரே போர்டு.

"பாத்தா நம்பிக்கை வரணும்," என்றார் அக்கா.

"பாத்தா கொஞ்சணும்போல இருக்கணும் லா," என்றார் தங்கை.

இரண்டையும் ஒரே படத்தில் கொண்டுவந்தேன். தொட்டிக்குள் சிரிக்கும் நாய். இந்தக் குளிரில் வெந்நீரைவிடப் பெரிய அன்பு ஏது? மேலே ஆவி பறக்கவிட்டேன். பக்கத்தில் வெள்ளைக் கோட்டு, வெள்ளைத் தொப்பியோடு டாக்டர். எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

போர்டை மாட்டிய சனிக்கிழமையே சுற்றுலா வந்த குடும்பம் ஒன்று நேராக அவர்கள் கடைக்குள் நுழைந்தது. "ஸ்டீம்போட்டுக்கு மேசை இருக்கா?"

மேசையிலேயே சூப்பு கொதிக்கும் ஸ்டீம்போட் கடை இந்த மலையில் எங்கும் உண்டு. ஆனாலும் நாயைப் பார்க்க வேண்டாமா? பின்னாலேயே நாயோடு வந்த தேயிலைத் தோட்டத்து அம்மா பார்த்துவிட்டார். போர்டை ஒரு பார்வை, சமையல்காரர் மாதிரி நின்ற என் டாக்டரை ஒரு பார்வை. நாயை அள்ளிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

தொட்டி, ஆவி, தொப்பி எல்லாவற்றையும் எடுத்தேன். துண்டு சுற்றிய நாயை டாக்டர் மடியில் வைத்து, அதன் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வரைந்தேன். அந்த அம்மா நாயோடு திரும்பி வந்தார்.

அடுத்த வாரம் ஒரு கார் நின்றது. "போன வாரம் இங்க ஒரு ஸ்டீம்போட் கடை இருந்துச்சே, மூடிட்டாங்களா?"