பெல்ட்டுக்கு அடியில் இருந்த பை

சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் டிசைன் அறையில் ‘பெல்ட் எடுக்கிற’ வேலை என்றால் எனக்குத்தான் வரும். படத்தில் இருப்பவரின் சட்டைக்குக் குறுக்கே கார் சீட் பெல்ட்டோ தோள்பை வாரோ ஓடினால், அதை அழித்துவிட்டு அடியில் துணி எப்படி இருந்திருக்குமோ அப்படி உண்டாக்கித் தர வேண்டும். காலண்டருக்குப் படம் கொடுக்கிறவர்கள் அதற்கென்று ஸ்டுடியோவுக்கா போகிறார்கள்? திருச்செந்தூர் போகிற வழியில் காருக்குள் எடுத்ததைத்தான் தருவார்கள். ஏழு வருஷமாக நான் எடுத்த பெல்ட்டுகளை முடிச்சுப் போட்டால் சாத்தூர் வரை எட்டும் என்று நானே பீற்றிக்கொள்வேன்.

தட்டை மானிட்டர்கள் வந்த வருஷம் எங்கள் அறைக்கு ஒரு பெண்ணும் வேலைக்கு வந்தாள். பட்டாசுக் கம்பெனிப் பெண்களோடு வேனில் வந்து எங்கள் தெருமுனையில் இறங்கிக்கொள்வாள். முன்பு மூன்று வருஷம் தையல் கடையில் ஆண்கள் சட்டை தைத்தவள். அப்புறம் கம்ப்யூட்டர் படித்திருக்கிறாள். ‘தையல்காரிக்கு இங்கே என்ன வேலை’ என்று சிரித்தேன். ஒரு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த ஒருவர் அந்தக் காலண்டர் சீசனில் ஆர்டர் கொடுத்தார். கடையை ஆரம்பித்த அவருடைய அப்பா அந்த ஆடியில் இறந்துபோயிருந்தார். காலண்டரில் அப்பா படம் வேண்டும். முகம் தெளிவாக இருந்தது ஒரே ஒரு படத்தில்தான். மகனுடைய புதுக்காரில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் பெரியவர் சிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். நீலக்கோடு போட்ட வெள்ளைச் சட்டை. இடது தோளிலிருந்து வலது இடுப்புக்குக் கறுப்பு பெல்ட், பாதிச் சட்டைப்பையையும் இரண்டு பொத்தான்களையும் மூடிக்கொண்டு.

நான் ஒரு மத்தியானத்தில் முடித்தேன். வலது மார்புத் துணியை நகலெடுத்து, கண்ணாடி மாதிரி திருப்பி, இடது பக்கம் ஒட்டினேன். ஜன்னல் வெளிச்சம் இடது பக்கம் அடித்திருந்ததால் ஒட்டிய துணி இருட்டாகத் தெரிந்தது. கொஞ்சம் வெளுத்துவிட்டேன். வலது பக்கம் பை கிடையாதல்லவா, அதனால் இடது பக்கமும் பை போய்விட்டது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டேன்.

மகன் பார்த்தார். “பை எங்க? பையில்லாத சட்டைய எங்கப்பா தொட மாட்டாகளே. இது யாரோ மாதிரில்ல இருக்கு.”

முதலாளி என்னைப் பார்க்காமலேயே படத்தை அந்தப் பெண்ணிடம் கொடுத்தார். ஏழு வருஷத்தில் என் கையிலிருந்து இன்னொருவரிடம் போன முதல் பெல்ட் அது. எனக்கு வயிறு எரிந்தது. மோர் குடித்தால் தணிகிற எரிச்சல் இல்லை அது.

அவள் மூன்று நாள் எடுத்துக்கொண்டாள். தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் நான் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று நின்று பார்த்தேன். முதலில் பெல்ட்டோடு அதன் ஓரத்து நிழலையும் சேர்த்து, அகலமாக அழித்தாள். நான் நிழலை விட்டிருந்தேன், அதனால்தான் என் சட்டையில் மெல்லிய அழுக்குக்கோடு நின்றது. பிறகு அதே இடது பக்கத்திலேயே, தோளோரத்திலிருந்து துணி எடுத்தாள். ஒவ்வொரு நீலக்கோடாக மேலிருந்து கீழே இழுத்து, அந்தப் பக்கம் நின்ற கோட்டோடு சேர்த்தாள். பெல்ட் இழுத்ததால் சுற்றிலும் விழுந்திருந்த சுருக்கங்களை, ‘பெல்ட் இல்லைன்னா இது எதுக்கு’ என்று தனக்குள் முனகியபடி நீவிவிட்டாள். இடது மடிப்பு வலதின்மேல் ஏற, கீழேயிருந்த பொத்தானைப் பார்த்து இரண்டு பொத்தான் வைத்தாள். புதுத்துணி மொழுமொழுவென்று தனியாகத் தெரியாமலிருக்க, படத்தில் இருந்த அதே பொடிப்புள்ளியை அதன்மேலும் தூவினாள். அது நான் சொல்லிக் கொடுத்தது இல்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்கவும் எனக்கு மனசு வரவில்லை.

பையில் தெரிந்தது வெளிப்பக்க மேல்மூலையும் அடி ஓரமும்தான். மற்றதை பெல்ட் தின்றிருந்தது. அவள் அந்த மூலையையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

“பை காலியா இருந்தா இந்த மூல இப்படித் தூக்கி நிக்காதுண்ணே. உள்ள ஏதோ மடிச்சி வச்சிருக்காக” என்றாள். பையின் வாயைக் கொஞ்சம் தொளதொளப்பாக, முன்னால் தள்ளினாற்போல வரைந்தாள்.

“ஆமா, பெரிய சிஐடி” என்றேன். அவள் சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

புரூஃப் எடுத்துக்கொண்டு விருதுநகருக்கு நான்தான் போனேன். வத்தல் நெடி தாங்காமல் தும்மிக்கொண்டே தாளை நீட்டினேன். மகன் வாங்கிப் பார்த்தார். கட்டைவிரலால் அந்தப் பையின் வாயைத் தடவினார்.

“வெலச்சீட்டு” என்றார். “தெனம் காலைல வெல எழுதி மடிச்சி இங்கனதான் வப்பாக. படத்துல அது தெரியலையே, எப்படிங்க கண்டுபிடிச்சீக?” கண் கலங்கிவிட்டது. “யாருங்க செஞ்சது?”

எனக்கு யோசிக்க நேரம் இருந்தது. நேரம் இல்லை என்று இப்போது சொன்னால் அது இன்னொரு பொய். அவர் மூக்கைத் துடைத்து, கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்டும்வரை நேரம் இருந்தது.

“நான்தான்” என்றேன்.

அவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கல்லாவுக்குப் பின்னாலிருந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். புரூஃபில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அந்தக் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். வெட்கமும் இருந்தது. சந்தோஷமும் இருந்தது, அதையும் மறைப்பானேன்.

நேரே அச்சுக்கு பிளேட் போடுகிற இடத்துக்குப் போய், கையெழுத்துப் போட்ட புரூஃபையும் ஃபைல் இருந்த சிடியையும் கொடுத்துவிட்டேன். கையெழுத்தானதை மாற்றக் கூடாது என்பது எங்கள் அச்சக விதி; புதிதாக வந்த அவளுக்கு அது தெரியாது. அதற்கப்புறம்தான் டிசைன் அறைக்குள் நுழைந்தேன்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். “என்னண்ணே சொன்னாக?”

“ஒண்ணும் சொல்லல.”

“ஒண்ணுமேவா?”

“பை என்னமோ மாதிரி இருக்குன்னாக. போனாப் போகுதுன்னு கையெழுத்துப் போட்டாக.”

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. மடமடவென்று ஃபைலைத் திறந்தாள். “எங்கன தப்புன்னு காட்டுங்கண்ணே. சரி பண்ணிர்றேன்.”

தப்பே இல்லாத படத்தில் எங்கே காட்டுவது? விரலை நீட்டிவிட்டேன். அது பையின் வாயில் போய் நின்றது, அவர் தடவிய அதே இடத்தில். அவள் மறுநாள் பூராவும் உட்கார்ந்து அந்தத் தொளதொளப்பை அழித்துப் பையைத் தட்டையாக்கினாள். சாப்பாட்டுத் தூக்கைக்கூட மூன்று மணிக்குத்தான் திறந்தாள். அது அச்சுக்குப் போகாது என்று தெரிந்தும், நான் பக்கத்து மானிட்டரில் ஒரு முருகனுக்கு வேல் தீட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து நாளில் காலண்டர் வந்தது. பெரியவர் விலைச்சீட்டு வைத்த பையோடு சிரித்தார். அவள் ஒன்றைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“பழசையே போட்டுட்டாகளேண்ணே” என்றாள். “அம்புட்டு வீட்லயும் என் தப்புல்ல தொங்கும்.”

எங்கள் அச்சகத்தில் ஆளுக்கொரு காலண்டர் வீட்டுக்குக் கொடுப்பார்கள், பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். அவள் அதைக் கட்டின் மேலேயே, படம் கீழே போகும்படி கவிழ்த்து வைத்தாள். என்னுடைய முருகன் காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, “வேலு நல்லாருக்குண்ணே” என்று சொல்லிவிட்டு வேனுக்குப் போனாள்.