கொடிக்கயிற்றுக் கணக்கு

உப்புவெளி விருந்தினர் விடுதியை அதன் சொந்தக்காரர் விற்றபோது, அங்கே பத்து வருடம் துணி துவைத்த ஐவியக்காவுக்கு வேலை போனது. நிலாவெளியில் புதிதாக எழும்பிய ஹோட்டலில் துணி அறைக்குப் பொறுப்பாக ஒரு ஆள் தேடினார்கள். அது கிடைக்காவிட்டால் அவள் மன்னாரில் தங்கச்சி வீட்டுக்குப் போயாக வேண்டும். அங்கே போவதென்றால் அவளுக்கு வேப்பங்காய்.

வழக்குகள் பார்க்கும் பிரக்கிராசி சிவகுருநாதனின் கந்தோரில் தட்டச்சு செய்பவள் நான். விண்ணப்பத்தை அவள் சொல்லச் சொல்ல அடித்தேன்: "நல்லாத் துவைத்தேன். ஒழுங்காக மடித்தேன்." இரண்டாம் நாளே தாளோடு திரும்பி வந்தாள்.

"மனேஜருக்கு இதில ஒண்டும் விளங்கேல்லையாம், றம்லா. எத்தனை, எவ்வளவு எண்டு எழுதிக்கொண்டு வரட்டாம். விடுதியில ஆர் எண்ணினது?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் மீதல்ல, எண்ணாமல் வேலை வாங்கிய விடுதி மீது.

"துவைச்சதை எங்க காயப்போட்டனீங்கள்?"

"பின்வளவில மூண்டு கொடிக்கயிறு."

"ஒரு கயித்தில எத்தனை விரிப்பு?"

"ஆறு. அதுக்கு மேல ஏலாது, மண்ணில முட்டும்."

"சீசனில?"

"ஒவ்வொரு நாளும் மூண்டும் நிறையும்."

பதினெட்டு! அவளுக்கே சிரிப்பு வந்தது. பத்து வருடமாக அந்த எண்ணுக்கு நடுவே நின்றுகொண்டு அதைக் கண்டதில்லை.

"மாரியில?"

"முந்தி ஈர விரிப்பு எண்டு மாசத்துக்கு நாலைஞ்சு பேராவது சத்தம் போடுவினம். நான்தான் கயித்தைக் கார் விடுற காராஜுக்குள்ள மாத்தினனான். பிறகு அந்தக் கதையே இல்லை."

நான் உற்சாகத்தில், 'நாளுக்கு இருபத்தைந்து விரிப்புகள், ஒரு முறைப்பாடுமில்லை' என்று அடித்துவிட்டேன். என் கை எப்போதும் சற்றுத் தாராளம்.

"வெட்டுங்கோ," என்றாள். "சீசனில பதினெட்டு அளவில எண்டு போடுங்கோ. காராஜுக்கு மாத்தினாப்பிறகு ஒரு டொக்டர் ஒருக்காச் சத்தம் போட்டவர். அதையும் எழுதுங்கோ."

"வேலை கேட்டுப் போறீங்களோ, சாமியாரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போறீங்களோ?"

அவள் அசையவில்லை. முணுமுணுத்தபடி புதுத் தாள் செருகி, விசாரிக்க வசதியாகப் பழைய சொந்தக்காரரின் கொழும்பு விலாசத்தையும் சேர்த்து அடித்துக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை ஹோட்டல் மனேஜர் வாசித்துவிட்டு, "இந்த டொக்டருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாராம்.

"விரிப்பின்ர ஓரம் காயேல்ல, சேர். அவர் முன்னாலயே இஸ்திரிப் பெட்டி போட்டுக் காயவைச்சுக் குடுத்தனான். பிறகு மடிக்க முன்னம் நாலு ஓரமும் தொட்டுப் பார்ப்பன்."

மனேஜர் தாளை மடித்து வைத்தார். "இஞ்ச வேலை கேட்டு வந்த எல்லாரும் பிழையே விடாத ஆக்களாம். உங்கட கணக்கைத்தான் நம்பலாம். முதலாம் திகதி வாங்கோ."

இதை ஐவியக்கா கந்தோர் வாசலிலேயே நின்று சொன்னாள். உள்ளே கட்சிக்காரர்கள் காத்திருக்க, நான் ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடித்தேன். சந்தோசத்தில் எனக்குக் கண்ணீர் வந்தது. பிரக்கிராசி கண்ணாடிக்கு மேலால் எங்களைப் பார்த்தார்.

"மன்னாருக்குக் கடிதம் போட்டாச்சோ?" என்று கேட்டேன்.

"போட்டாச்சு," என்றாள். "நான் வரேல்ல எண்டு."