நன்றி உரையில் ஒரு காலி வரி

என் மனைவி இருபத்திரண்டு வருடம் வாலிபால் ஆடினாள். செட்டர். துள்ளி அடிப்பவளுக்குக் கைதட்டல் போகும். அடிக்கத் தோதாகப் பந்தை வலைக்கு மேலே பத்து விரலால் தூக்கி நிறுத்திக் கொடுப்பவள் செட்டர்.

ஆட்டத்திலிருந்து விடைபெறும் அவளுக்கு அவள் அலுவலகத்தில் விழா என்றதும் உரையை நான் எழுதுகிறேன் என்று குதித்தேன். மல்காஜ்கிரி வீட்டு மொட்டைமாடியில் நடந்து நடந்து நான்கு பக்கம். வானம், வியர்வை, சிறகு, எல்லாம் வந்துவிட்டன. அவள் போனில் நேரம் வைத்து உரக்கப் படித்தாள். பதினோரு நிமிடம்.

"எனக்குக் குடுத்தது அஞ்சு நிமிஷம். சிறகெல்லாம் நக்கோ, வேணாம்."

பேனாவை வாங்கி அடித்தாள், அடித்தாள். வானம் போயிற்று. 'அனைவருக்கும் நன்றி'யும் போயிற்று. "எல்லாருக்கும்னா யாருக்குமே இல்லன்னு அர்த்தம். ஒரு ஆளுக்கு ஒரு வரி. அவங்க என்ன செஞ்சாங்களோ அது மட்டும். எனக்கு எப்படி இருந்துச்சுங்கறது வேணாம்."

அப்படித்தான் பட்டியல் ஓடியது, வேகமாக, சிரிப்போடு. ஒரு பெயரில் வந்து நின்றது. மாநில அணியிலிருந்து, தேசியப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, அவளை எடுத்துவிட்டு உயரமான ஒருத்தியைப் போட்ட பயிற்சியாளர். அவள் ஆட்டத்தின் உச்சம் அது. அந்த வாய்ப்பு திரும்ப வரவேயில்லை.

"அவரை விட்டுடு," என்றேன்.

"மூணு கோச்ல ரெண்டு பேரைச் சொல்லி ஒருத்தரை விட்டா, அது திட்டுறதுதான். அவரும் வர்றார்."

"அப்ப நாலு நல்ல வார்த்தை சொல்லு."

"பொய் சொன்னா அதுவும் குத்தல்தாங்க. நிஜமா அவர் செஞ்சது ஒண்ணு வேணும்."

மூன்று நாள் அந்த வரி காலியாகவே கிடந்தது. குக்கர் விசிலுக்கு நடுவே யோசித்தாள். என் மனசிலோ அவரைப் பற்றிப் பதினான்கு வருடமாக எழுதாமல் எழுதி வைத்த வரிகள் கொதித்தன. மேடையில் கசப்பாக ஒரு சொல் தவறினால் இருபத்திரண்டு வருடமும் அந்தச் சொல்லாகவே நினைவில் நிற்கும் என்று அவளுக்குப் பயம். காலி வரியோடுதான் கிளம்பினாள்.

அரங்கில் அவர் முதல் வரிசையில் இருந்தார். ஓரத்து நாற்காலி, எழுந்து போக வசதியாக. கால்கள் வாசலைப் பார்த்தே இருந்தன.

இந்தியில் தொடங்கித் தெலுங்குக்குத் தாவி அவள் பேசியதை என் தமிழில் தருகிறேன்.

"என் முதல் கோச், எனக்குக் கால் பிசகினப்போ ஹப்சிகுடாலேர்ந்து ஸ்கூட்டர்ல வீடு வரைக்கும் கொண்டுவந்து விட்டு, எனக்கு விழவேண்டிய திட்டை எங்கம்மாகிட்ட அவர் வாங்கிக்கிட்டார். ரெண்டாவது கோச், நான் குள்ளம்னு சொல்லலை. உன் கை நல்ல கை, செட்டராயிடுன்னார். எங்கம்மாவை அக்கம்பக்கத்துல எல்லாரும் கேட்டாங்க, பொண்ணு அரை டிராயர் போட்டுக்கிட்டா ஆடுதுன்னு. ஆமாம்னாங்க. அந்த டிராயரைத் தச்சதே அவங்கதான்."

சிரிப்பு அலையடித்து அடங்கியது. அவள் ஓரத்து நாற்காலியைப் பார்த்தாள்.

"மூணாவது கோச் என்னை டீம்லேர்ந்து எடுத்தார். மத்த முகாம்ல எல்லாம் கதவுல ஒட்டின லிஸ்ட்ல பேரைத் தேடித்தான் தெரிஞ்சுக்குவோம், பத்து பேர் பார்க்க. இவர் ஒட்டறதுக்கு முன்னாடி மெஸ்ஸுக்கு வந்து என் எதிர்ல உட்கார்ந்தார். 'உன் பேரு இல்லம்மா, முடிவு என்னோடது' அப்படின்னார். நான் இட்லியை முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கலை. அதுக்கு நன்றி சார்."

எனக்கே தெரியாத இட்லி அது. நான் கேட்டதில்லை, கோபப்படுவதில் மும்முரமாக இருந்திருக்கிறேன்.

அவர் எழுந்தார். போய்விடுவார் என்று நினைத்தேன். நின்று, தலைக்கு மேலே கையைத் தூக்கித் தட்டினார். அவர் பின்னால் ஒரு வரிசை எழுந்தது, அதன் பின்னால் இன்னொன்று, மேளம் மாதிரி, ஆலங்கட்டி மாதிரி, தகரக் கூரையே அதிர்ந்தது.

"கடைசியா என் வீட்டுக்காரர்," என்றாள், சத்தம் அடங்கக் காத்திருந்து. "எனக்கு வரவேண்டிய கோபத்தையெல்லாம் பதினாலு வருஷமா அவரே பட்டுக்கிட்டார். அதனால நான் மனசு லேசா ஆடினேன்."

அரங்கமே திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்திலிருந்த மகள் முழங்கையால் இடித்து, "டாடி, ஃபேமஸ் அயிப்போயாவ்," என்றாள். நான் ஃபேமஸ் ஆகிவிட்டேனாம்.

டீ வரிசையில் அந்தப் பயிற்சியாளர் எனக்கு முன்னால் நின்றிருந்தார். கப்பை நீட்டிக்கொண்டே தெலுங்கில் கேட்டார், "கோபக்காரர் நீங்கதானா?"

"அரைமணி நேரம் முன்னாடி வரைக்கும் சார்."

டீ நிரம்பிய தன் கப்பை என் கையில் கொடுத்துவிட்டு, இன்னொன்று வாங்கத் திரும்பினார்.