பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு பட்டியல்

ஒரு பிஸ்கட் டப்பாவைப் பார்த்து வயிறெரிந்தவன் நான். அதில் பிஸ்கட்கூட இல்லை.

தெப்ராவ் பக்கம் ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அப்போது நான் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. புதிதாக வந்த வெள்ளைக்கார டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நோயாளி சொல்லும் வார்த்தையைத் தானே தேடிப் பிடிக்க வேண்டுமென்று ஆசை. நோய்ச் சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் எழுதிப் பொருளும் போட்டுத் தரும்படி என்னிடமும், காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸரிடமும் கேட்டார். எது உதவுகிறதோ, அதை எழுதியவருக்கு டாக்டர் மேசைக்குப் பக்கத்து நாற்காலி. நான் அதில் மனத்தளவில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தேன்.

அழகாக டைப் அடித்தேன். ஒரே எழுத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் படிக்காதவன் என்பார்களே என்று, ககரத்துக்கு ஒரு சொல்லில் 'கே', இன்னொன்றில் 'சி', மனசு வந்தால் 'ஜி'. நடைக்கு ஒரு மெருகு.

டிரெஸரோ பழைய பிஸ்கட் டப்பாவில் சொல்லுக்கு ஒரு அட்டையாக அடுக்கிக் கொண்டுவந்தார். ககரம் எங்கே வந்தாலும், எப்படி ஒலித்தாலும், 'கே' மட்டும். நெடிலுக்கு மேலே கோடு. ளகரத்துக்கு அடியில் புள்ளி, ழகரத்துக்குக் கோடு. அடுக்கும்போது மட்டும் கோட்டையும் புள்ளியையும் மறந்துவிட்டிருந்தார்.

"மூணு லகரத்தையும் ஒண்ணா அடைச்சிட்டீங்களே அண்ணே, தமிழுக்கு அடுக்குமா?" என்றேன், டாக்டருக்குப் புரியாவிட்டாலும் அவர் காதில் விழும்படி.

"எழுத்துல பிரிச்சுத்தான் இருக்கு, தம்பி. தேடுறவருக்குக் காதுல மூணும் ஒண்ணுதானே? பிரிச்சு அடுக்கினா மூணு இடத்துல தேடுவாரு."

அன்று முதல் அவர் மீசையை வெறுத்தேன்.

இரண்டு பட்டியலுக்கும் சோதனையாக வந்தவர் ரப்பர் மரத்தில் பால் வெட்டும் அம்மா ஒருவர். "தலை கிறுகிறுன்னு வருதுங்க" என்று பெஞ்சில் சாய்ந்தார். அந்தக் 'கிறுகிறு' டாக்டர் காதில் 'ஜி'யில் தொடங்கும் சொல்லாக விழுந்தது. என் பட்டியலில் 'ஜி'யைப் புரட்டினார், இல்லை. 'கே'யிலும் இல்லை. நானும் குனிந்து தேடினேன். எழுதியவனுக்கே அகப்படவில்லை. (மறுநாள் 'சி'யில் கிடைத்தது.)

டிரெஸரின் டப்பாவில் 'ஜி'யில் ஒரே ஒரு அட்டை: 'கே'யைப் பார்க்கவும். டாக்டர் பார்த்தார். "ஆ, தலைச்சுற்றல்," என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். நாற்காலி டிரெஸருக்குப் போனது. டப்பா அட்டைகளைப் பிரதியெடுத்து டைப் அடிக்கும் பெருமை எனக்கு.

மருந்து வாங்க வந்த அந்த அம்மா என் மேசையருகே நின்றார்.

"கெராணி ஐயா, எனக்குத் தலை சுத்துதுன்னு உங்களுக்குப் புரிஞ்சுதுதானே?"

"புரியாம என்ன?"

"பக்கத்துலதானே நின்னீங்க. வாயத் தொறந்து அவருகிட்ட சொல்லியிருக்கலாமே."