பிஸ்கட் கம்பெனிக்கு இரண்டு பரிந்துரைகள்

யுத்தத்தின் நடுவில் காகிதம் கிடைக்காமல் எங்கள் பத்திரிகை நின்றுபோயிற்று. சென்னையிலிருந்து தேனிக்குத் திரும்பினேன். பருத்தியிலிருந்து கொட்டை பிரிக்கும் ஒரு ஜின்னிங் மில்லில் இங்கிலீஷ் கடிதங்கள் எழுதும் வேலை கிடைத்தது. மில்லுக்கு மூன்று பங்குதாரர்கள். ஒருவர் முதலாளி, எல்லாருக்கும் பெரியவர். மற்ற இரண்டு பேர் அவர் சொல்வதற்குத் தலையாட்டுவதற்காகவே பங்கு வாங்கியவர்கள்.

மானேஜர் வேலையை விட்டுப் போனதும், அந்த நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்ற கேள்வி வந்தது. பம்பாயிலிருந்து தபாலில் நிர்வாகப் பாடம் நடத்தும் ஒரு நிலையம் உண்டு என்று பெரியவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். இரண்டு பேருக்குப் பணம் கட்டினார். ஒருவன் அவருடைய தங்கை மகன், இருபத்து நான்கு வயது. இன்னொருவர் எடைக் குமாஸ்தா, என் வயதுக்காரர், பன்னிரண்டு வருஷமாகத் தராசுக்குப் பக்கத்தில் நிற்பவர். தங்கை மகன் அவரை எல்லார் முன்னாலும் ‘ஏலே’ என்றுதான் கூப்பிடுவான். குமாஸ்தா மானேஜர் ஆகவில்லை என்றால் அவனுக்குக் கீழே நிற்க வேண்டும். அவர் என்னிடம் ஒரு தடவை சொன்னார்: “சம்பளத்துக்காக இல்லய்யா. அந்தப் பயகிட்ட லீவு கேட்டு நிக்கிறதுக்குப் பதிலா நான் எங்கூரு தேவாரத்துல போயி மாடு மேய்ப்பேன்.”

பாடக் கட்டில், அலசி விடை எழுதுவதற்கென்று ஒரு நிகழ்வு வந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை பங்குதாரர்கள் முன்னால் இருவரும் விளக்க வேண்டும், நன்றாக விளக்குகிறவர் மானேஜர் என்று பெரியவர் தீர்மானித்தார். தமிழில் பெயர்த்துத் தருவது என் வேலை.

நிகழ்வு எளிமையானது. சீமையில் ஒரு பிஸ்கட் கம்பெனி. காலை ஒன்பது மணிக்குத் தபாலில் ஆர்டர்கள் வரும். பகல் ஒரு மணிக்குள் பெட்டி கட்டி முடிந்துவிடும். சரக்கு ரயில் நான்கு மணிக்கு. ஒவ்வொரு பெட்டியோடும் போகும் சீட்டில் மானேஜர் கையெழுத்து வேண்டும். அவர் காலையில் கடைகளைப் பார்க்கப் போய் மூன்று மணிக்கு மேல்தான் திரும்புவார். மாதத்தில் பாதி நாள் பெட்டிகள் ரயிலைத் தவறவிடுகின்றன. வாடிக்கைக்காரர்கள் புகார் எழுதுகிறார்கள். பெட்டி கட்டுகிறவர்கள் சோம்பேறிகள் என்று போர்மேன் எழுதிய ஒரு கடிதமும் உண்டு. நடந்தவை எவை, பிரச்சினை எது, என்னென்ன வழிகள், எதைப் பரிந்துரைப்பீர் என்று தனித்தனியாக எழுத வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் குமாஸ்தா நான்கு தாள்களோடு வந்தார். முதல் தாளில், நடந்தவற்றில், ஆட்கள் சோம்பேறிகள் என்று போர்மேன் சொன்னதை எழுதி, பிறகு கோடு போட்டு அடித்திருந்தார். ஏன் என்று கேட்டேன். “போர்மேன் அப்பிடி எழுதுனான்ங்கிறது நடந்தது. அவுக சோம்பேறிங்கிறது அவன் நினைப்பு. ஒரு மணிக்கே கட்டி முடிச்சிர்றாகன்னு இங்கனயே போட்டிருக்கே” என்றார். நான் வேலை பார்த்த பத்திரிகையில் இதைக் கற்றுக்கொள்ள முடியாமலே ஓய்வு பெற்றவர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் தாளில் ஒரே வரி. ரயிலைத் தவறவிடுவது வெளியே தெரிவது, கட்டிய பெட்டி கையெழுத்துக்காக இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்துக் கிடப்பதுதான் பிரச்சினை. மூன்றாவதில் மூன்று வழிகள்: ஆட்களைக் கூட்டுவது, மறுநாள் ரயிலில் அனுப்புவது, பழைய வாடிக்கைக்காரர்களின் சீட்டில் போர்மேனே கையெழுத்துப் போடுவது. ஒவ்வொன்றுக்கும் கீழே லாபமும் இடைஞ்சலும். ஆட்களைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் கட்டிவிட்டு இன்னும் அதிக நேரம் காத்திருப்பார்கள் என்று எழுதியிருந்தார். நான்காவதில் மூன்றாம் வழியைப் பரிந்துரைத்திருந்தார். புது வாடிக்கைக்கு மட்டும் மானேஜர் கையெழுத்து. ஒரு மாதம் நடத்திப் பார்த்து, எத்தனை நாள் ரயில் தவறியது என்று எண்ண வேண்டும். புது வாடிக்கைக்காரர்கள் எத்தனை பேர் என்று பாடத்தில் இல்லை, குறைவு என்று வைத்துக்கொள்கிறேன் என்று ஓரத்தில் குறித்திருந்தார். இதற்கு மேல் திருத்த ஒன்றும் இல்லை என்று சொல்லித் தாள்களைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஞாயிறு காலை சாம்பிள் அறையில் கூடினோம். தங்கை மகன் முதலில் பேசினான். பரிந்துரையிலேயே ஆரம்பித்தான்: போர்மேனையும் பாதி ஆட்களையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டும். பிறகு அதற்குத் தகுந்த விஷயங்களை ஒவ்வொன்றாகத் தேடினான். போர்மேன் சொன்னதை நடந்ததாக எடுத்துக்கொண்டு போர்மேனையே தண்டித்தான். கையெழுத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பங்குதாரர்கள் இருவரும் பெரியவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நல்லாச் சொன்னான் என்றார்கள்.

குமாஸ்தா எழுந்தார். முதல் தாள், இரண்டாம் தாள், மூன்றாம் தாள், தடங்கல் இல்லாமல் போனார். போர்மேனுக்கு அதிகாரம் கொடுக்கும் வழிக்கு வந்தபோது பெரியவர் கையை உயர்த்தினார்.

எங்கள் மில்லின் நிலைமையைச் சொல்ல வேண்டும். தேவாரத்திலிருந்தும் உத்தமபாளையத்திலிருந்தும் வரும் பருத்தி வண்டிகள் விடியும்போதே முற்றத்தில் நிற்கும். பெரியவர் போடியிலிருந்து வந்து, தம் விரலால் பருத்தியைப் பிய்த்துப் பார்த்த பிறகுதான் ஒரு வண்டியாவது அவிழும். அவர் வரப் பத்தரை ஆகும். பருத்தியில் செத்தை பொறுக்குவதற்காக ஏழு மணிக்கே வந்த பொறுக்குப் பெண்கள் அதுவரை சுவரோரம் உட்கார்ந்திருப்பார்கள். இது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் அதைப் பிஸ்கட்டோடு சேர்த்துப் பார்க்கவில்லை. இப்போது பெரியவர் பார்த்துவிட்டார்.

“அப்ப, கண்ட பயலும் கையெழுத்துப் போடலாம்ங்கிறீரா?” என்றார். “மொதலாளி கை வச்சுப் பாக்குறது தப்புன்னு அந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கோ?”

குமாஸ்தா தாளைப் பார்த்தார். நான்காவது தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“அப்பிடி இல்லீங்க மொதலாளி. அதெல்லாம் சும்மா வழின்னு சொன்னது. என் பரிந்துரை என்னன்னா, பெட்டி கட்டுறவுக ஒரு மணி நேரம் முன்னாலயே வரணும்.”

இது அவருடைய மூன்று வழிகளில் இல்லை. முதல் தாளோடு ஒட்டவும் இல்லை. ஆர்டரே ஒன்பது மணிக்குத்தான் வருகிறது. அந்த அறையில் இதைச் சொன்னவன் தங்கை மகன் ஒருவன்தான். “அவுக ஏற்கெனவே சும்மாதான மாமா நிக்கிறாக? முன்னால வந்து என்னத்தக் கட்டுவாக?” என்றான். அன்று காலை அவன் வாயிலிருந்து வந்த ஒரே உருப்படியான வார்த்தை அது. பெரியவர் அவனை வாயை மூடச் சொன்னார்.

குமாஸ்தா மானேஜர் ஆனார். இங்கன பாரு, எப்படிப் பிரிச்சுப் பிரிச்சுச் சொன்னாரு, அதான் படிப்பு என்றார் பெரியவர். பங்குதாரர்கள் வரிசையாகத் தலையாட்டினார்கள்.

விடைத்தாளை இங்கிலீஷில் டைப் அடிப்பதும் என் பொறுப்பு. எந்தப் பரிந்துரையை அடிக்க என்று புது மானேஜரிடம் கேட்டேன். அவருக்கு வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. “பம்பாய்க்கு அந்த நாலாவது தாள். மில் பைலுக்கு நான் அங்கன சொன்னது” என்றார். இரண்டையும் அடித்தேன். பிழை இல்லாமல் அடித்தேன் என்பதைத் தவிர என் தரப்பில் சொல்ல ஒன்றுமில்லை.

பம்பாய்க்காரர்கள் நல்ல மார்க் போட்டு, பிரச்சினையைச் சரியாகக் கண்டுபிடித்ததற்குப் பாராட்டும் எழுதினார்கள். பெரியவர் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். ஆட்களை முன்னால் வரச் சொன்னதற்குத்தான் அந்தப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டார். அதோடு நிற்கவில்லை. சீமைக் கம்பெனிக்கு நல்லதாக இருப்பது நமக்கும் நல்லதுதானே என்று, திங்கள் முதல் பொறுக்குப் பெண்கள் ஆறு மணிக்கே வர வேண்டும் என்று உத்தரவு போட்டார். அவர் வருவது பத்தரைக்குத்தான்.

வீரபாண்டியிலிருந்து நடந்து வருகிறவர்கள் இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. முதல் நாள் இரண்டு பெண்கள் பிந்தினார்கள். உள்ளே பொறுக்க ஒரு பிடி பருத்தி இல்லை. புது மானேஜர் வாசல் கேட்டருகே நாற்காலி போட்டிருந்தார். இருவரையும் வெளியே நிற்க வைத்து, பிந்தியதற்குக் காரணம் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.